நான்காவது குச்சியும் எட்டாவது குச்சியும்: விமானப் பயணிகள் தொடரின் தன்னொட்டுறவுப் படம், ஒரு நிகழ்வு ஆய்வு

1949 ஜனவரி முதல் 1960 டிசம்பர் வரை, மாதந்தோறும் பன்னாட்டு விமானங்களில் பறந்தவர்களின் எண்ணிக்கை. அலகு ஆயிரம். மொத்தம் 144 எண்கள். பாக்ஸும் ஜென்கின்ஸும் 1970-ல் வெளியிட்ட காலத்தொடர் நூலில் 'சீரிஸ் ஜி' என்ற பெயரில் வரும் இந்தத் தொடர், இன்று ஆர் மென்பொருளில் `AirPassengers` என்று உள்ளேயே இருக்கிறது. காலத்தொடர் படித்த எல்லோரும் இதை ஒருமுறையாவது வரைந்திருப்பார்கள். ஆனால் இதன் தன்னொட்டுறவுப் படத்தைக் குச்சி குச்சியாக உட்கார்ந்து படித்தவர்கள் குறைவு. மாதத் தரவு எதுவானாலும் அதில் நாம் செய்யக்கூடிய தவறுகள் அனைத்தும் இந்த ஒரே படத்தில் இருக்கின்றன. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

தன்னொட்டுறவு என்றால், தொடரை அதன் பழைய பிரதியோடு ஒப்பிடுவது. ஒவ்வொரு மாதமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கிறோம். k மாதம் கழித்து வரும் மாதத்தின் விலகலோடு அதைப் பெருக்குகிறோம். எல்லாப் பெருக்கல்களையும் கூட்டி, விலகல்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்கிறோம். அந்த k-தான் லேக். ஒவ்வொரு லேக்குக்கும் ஒரு எண் கிடைக்கும், அதை ஒரு குச்சியாக நிறுத்தினால் படம் தயார்.

```r
x <- AirPassengers
acf(as.numeric(x), lag.max = 36)
```

இந்த ஒரு வரியிலேயே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். `acf(x)` என்று நேரடியாக எழுதினால், இது மாதத் தொடர் என்று ஆருக்குத் தெரிந்திருப்பதால், கிடை அச்சை ஆண்டுக் கணக்கில் போடும். 12-வது மாதக் குச்சி 1.0 என்ற இடத்தில் நிற்கும். அதைப் பார்த்து "லேக் 1-ல் குச்சி உயரமாக இருக்கிறது, போன மாதம்தான் இந்த மாதத்தை முடிவு செய்கிறது" என்று எழுதப்பட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். `as.numeric` போட்டால் அச்சு மாதங்களில் வந்துவிடும். இரண்டாவது, `lag.max` கொடுக்காவிட்டால் ஆர் 10 × log10(144) என்று கணக்குப் போட்டு 21-வது லேக்கோடு நிறுத்திவிடும். ஆண்டு வடிவம் இருக்கிறதா என்று உறுதி செய்ய 12-ஐ மட்டும் பார்த்தால் போதாது, 24-ம் வேண்டும். இயல்பு அமைப்பில் அந்த 24 படத்திலேயே இருக்காது.

மலைச்சரிவு மாதிரி ஒரு படம்

மூலத் தொடரின் படத்தில் எல்லாக் குச்சிகளும் மேல்நோக்கியே நிற்கும். லேக் 1-ல் 0.95. அங்கிருந்து மெல்ல இறங்கி லேக் 8-ல் 0.66. பிறகு சற்றே ஏறி லேக் 12-ல் 0.76, மறுபடி இறங்கி, லேக் 24-ல் இன்னொரு சிறு மேடாக 0.53. தொடர் வெறும் இரைச்சலாக இருந்தால் குச்சிகள் பெரும்பாலும் அடங்கியிருக்க வேண்டிய எல்லையைக் காட்டும் நீலப் புள்ளிக்கோடுகள் ±0.16-ல் கிடக்கின்றன, குச்சிகள் அதைவிட எங்கேயோ உயரத்தில் இருக்கின்றன.

இதைப் பார்த்து "எல்லா லேக்குகளிலும் வலுவான உறவு" என்று சொல்வது கணக்குப்படி சரி, பொருள்படி வெறுமை. காரணம் எளிது. தொடரின் சராசரி 280. 1949 முதல் 1953 வரையான 60 மாதங்களில் ஒரு மாதம்கூட அந்தச் சராசரியைத் தொடவில்லை. அதிகபட்சம் 1953 ஆகஸ்டின் 272. மாறாக, 1957 முதல் 1960 வரையான 48 மாதங்களில் ஒன்றுகூடச் சராசரிக்குக் கீழே இல்லை. குறைந்தபட்சம் 1957 பிப்ரவரியின் 301. ஆக, தொடரின் முன்பகுதி முழுக்க மைனஸ், பின்பகுதி முழுக்க பிளஸ். நான்கு மாதம் தள்ளிப் பெருக்கினாலும் ஏழு மாதம் தள்ளிப் பெருக்கினாலும் மைனஸும் மைனஸும், பிளஸும் பிளஸும்தான் சந்திக்கும். பெருக்குத்தொகை நேர்மறையாகவே வரும். படத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பயணிகள் எண்ணிக்கை வளர்ந்த கதை. 12-ல் தெரியும் மேடு மட்டும்தான் அந்தச் சரிவின் மேல் லேசாகத் தலைகாட்டும் ஆண்டு வடிவம்.

எனவே, மெதுவாக இறங்கும் குச்சிவரிசையைப் பார்த்தால் அந்தப் படத்தில் பருவத்தைத் தேடக் கூடாது. முதலில் போக்கை எடுக்க வேண்டும்.

போக்கை எடுத்த பின்

எடுப்பதற்கு முன் மடக்கை. 1949-ல் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே 44 ஆயிரம்தான் வித்தியாசம் (148, 104). 1960-ல் அதுவே 232 ஆயிரம் (622, 390). அப்படியே விட்டால் கடைசி ஆண்டுகளின் ஏற்ற இறக்கம் கூட்டுத்தொகையை விழுங்கிவிடும். முதல் ஆண்டுகள் சொல்வது காதில் விழாது. மடக்கை எடுத்து, ஒவ்வொரு மாதத்திலிருந்தும் முந்தைய மாதத்தைக் கழித்தால், ஏறக்குறைய மாதத்துக்கு மாதம் வளர்ந்த சதவீதம் கிடைக்கும்.

```r
d <- diff(log(x))
round(acf(d, lag.max = 24, plot = FALSE)$acf[-1], 2)
```

முதல் பன்னிரண்டு எண்கள் வரிசையாக: 0.20, −0.12, −0.15, −0.32, −0.08, 0.03, −0.11, −0.34, −0.12, −0.11, 0.21, 0.84.

மலைச்சரிவு போய்விட்டது. 12-ல் 0.84 என்று ஒரு கம்பம், 24-ல் 0.74 என்று இன்னொன்று. ஆண்டு வடிவத்தைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். ஆனால் 4-லும் 8-லும் கீழ்நோக்கி இரண்டு குச்சிகள் நீலக் கோட்டைத் தெளிவாகத் தாண்டி நிற்கின்றன. நான் முதலில் தடுமாறிய இடம் இதுதான், இன்னும் பலர் தடுமாறும் இடமும் இதுதான். நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏதோ நடக்கிறது, காலாண்டு போல ஒரு நான்கு மாதச் சுழற்சி இருக்கிறது என்று எழுதத் தோன்றும்.

குறியை வைத்தே இதைச் சோதிக்கலாம். நான்கு மாதச் சுழற்சி உண்மையாக இருந்தால், நான்கு மாதம் கழித்து அதே நிலை திரும்ப வேண்டும். லேக் 4-ல் குச்சி மேல்நோக்கி நிற்க வேண்டும். இங்கே கீழ்நோக்கி நிற்கிறது. சரி, நான்கு மாதத்தில் எதிர்நிலைக்குப் போய் எட்டு மாதத்தில் திரும்புகிறது, எட்டு மாதச் சுழற்சி என்று வைத்துக்கொள்வோமா? அப்படியானால் லேக் 8 மேல்நோக்கி இருக்க வேண்டும். அதுவும் கீழே. ஒரு குச்சி சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. இரண்டு சுழற்சிகளும் இல்லை.

அப்படியானால் இந்தக் குச்சிகள் எங்கிருந்து வந்தன? அந்தப் பன்னிரண்டு எண்களை 6-ஐ நடுவில் வைத்து மடித்துப் பாருங்கள். லேக் 1-ல் 0.20, லேக் 11-ல் 0.21. லேக் 2-ல் −0.12, லேக் 10-ல் −0.11. லேக் 3-ல் −0.15, 9-ல் −0.12. லேக் 4-ல் −0.32, 8-ல் −0.34. லேக் 5-ல் −0.08, 7-ல் −0.11. கண்ணாடியில் பார்த்தது போல் இருக்கிறது.

பன்னிரண்டு மாத வடிவம் ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் இப்படித்தான் ஆகும். ஜூனிலிருந்து நான்கு மாதம் போனால் அக்டோபர். அக்டோபரிலிருந்து எட்டு மாதம் போனால் மறுபடி ஜூன். ஜூன்–அக்டோபர் என்ற ஒரே ஜோடியைத்தான் லேக் 4 முன்னாலிருந்தும் லேக் 8 பின்னாலிருந்தும் பார்க்கின்றன. இரண்டு சாட்சிகள் போலத் தெரிவது உண்மையில் ஒரே சாட்சி. 1 முதல் 11 வரை உள்ள குச்சிகள் எல்லாமே 12-ல் நிற்கும் கம்பத்தின் உட்பிரிவுகள். ஆண்டு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. நீலக் கோட்டைத் தாண்டினாலும் அப்படித்தான். "இந்தத் தொடர் வெறும் இரைச்சலா" என்ற கேள்விக்குத்தான் அந்தக் கோடு பதில் சொல்லும். இது தனிச் சுழற்சியா என்பது அதற்குத் தெரியாது.

1957-ஐக் கையால் போட்டுப் பார்ப்பது

இதை நம்புவதற்கு ஒரே ஓர் ஆண்டை எடுத்துக் கையால் போட்டாலே போதும். 1957-ன் எண்கள்: 315, 301, 356, 348, 355, 422, 465, 467, 404, 347, 305, 336. முந்தைய டிசம்பர் 306. மாத வளர்ச்சிச் சதவீதங்கள்: ஜனவரி +2.9, பிப்ரவரி −4.4, மார்ச் +18.3, ஏப்ரல் −2.2, மே +2.0, ஜூன் +18.9, ஜூலை +10.2, ஆகஸ்ட் +0.4, செப்டம்பர் −13.5, அக்டோபர் −14.1, நவம்பர் −12.1, டிசம்பர் +10.2.

இதே வடிவம் அடுத்த ஆண்டும் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டு, நான்கு மாதம் தள்ளிப் பெருக்குங்கள். ஜூனும் அக்டோபரும்: −266. நவம்பரும் அதையடுத்த மார்ச்சும்: −221. ஜூலையும் நவம்பரும்: −123. எதிர்த்திசையில் இழுப்பது மார்ச்–ஜூலை ஜோடி, +187. மற்றவை சிறியவை. மொத்தம் −526. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1,462. சராசரியைக் கழிக்காமல் தோராயமாகப் போட்டாலே −0.36 வருகிறது. பன்னிரண்டு ஆண்டுகளையும் சேர்த்து மென்பொருள் தந்த −0.32-க்கு ஓர் ஆண்டு இவ்வளவு அருகில் வந்து நிற்கிறது.

ஆக, லேக் 4-ல் நிற்கும் குச்சியைப் பேச்சுமொழியில் சொன்னால்: கோடைப் பயணம் ஜூனில் தொடங்குகிறது, நான்கு மாதம் கழித்து அக்டோபரில் வடிந்துகொண்டிருக்கிறது, நவம்பரில் பள்ளம், நான்கு மாதம் கழித்து மார்ச்சில் துள்ளல். அவ்வளவுதான். லேக் 6-ல் ஏன் 0.03 என்பதும் இதிலேயே விளங்கும். ஜூனும் டிசம்பரும் இரண்டுமே ஏறும் மாதங்கள். மார்ச் ஏறும், செப்டம்பர் இறங்கும். ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. மிதவெப்ப நாடு ஒன்றின் மாத வெப்பநிலையைப் போட்டால் லேக் 6-ல் ஆழமான பள்ளம் இருக்கும், ஏனென்றால் அங்கே கோடைக்கு நேரெதிரில் குளிர்காலம் உட்கார்ந்திருக்கிறது. விமானப் பயணத்துக்கு அப்படி ஒரு சீரான அலை கிடையாது.

பிப்ரவரி இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 315-லிருந்து 301-க்கு இறங்கியது பயணம் குறைந்ததாலா? நாட்களால் வகுத்துப் பாருங்கள். ஜனவரியில் நாளொன்றுக்கு 10.16 ஆயிரம், பிப்ரவரியில் 10.75, மார்ச்சில் 11.48. ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. மார்ச்சின் +18.3 சதவீதத் துள்ளலில் நாளொன்றுக்கான உண்மையான உயர்வு 6.8 சதவீதம்தான், மீதி, பிப்ரவரிக்கு 28 நாள் என்பதால் வந்தது. மாத மொத்தங்களை வைத்துத் தன்னொட்டுறவு வரையும்போது நாட்காட்டியும் ஒரு பருவமாக உள்ளே நுழைந்துவிடுகிறது. மின்நுகர்வு, பால் கொள்முதல், மருத்துவமனை வருகை என்று எந்த மாத மொத்தமானாலும், முதலில் நாட்களால் வகுத்துவிட்டு வரைவதே என் வழக்கம்.

0.84-லிருந்து 0.74-க்கு இறங்கியது ஏன்

12-ல் 0.84, 24-ல் 0.74. "ஓராண்டுக்குப் பின் ஒற்றுமை குறைந்துவிட்டது, பருவ வடிவம் தளர்கிறது" என்று இதை விளக்குவது வழக்கம். பாதிக்கு மேல் அது உண்மையில்லை. வேறுபாடு எடுத்த தொடரில் 143 எண்கள். லேக் 12-ல் பெருக்குவதற்கு 131 ஜோடிகள்தான் கிடைக்கும், லேக் 24-ல் 119. ஆனால் வகுக்கும் எண்ணில் 143-ம் இருக்கிறது. வடிவம் அச்சு அசலாகத் திரும்பினாலும் லேக் 12-ல் ஏறக்குறைய 0.92-க்கு மேல் போக முடியாது, லேக் 24-ல் 0.83-க்கு மேல் போக முடியாது. அந்த உச்சவரம்புகளோடு ஒப்பிட்டால் 0.84 என்பது 92 சதவீதம், 0.74 என்பது 89 சதவீதம். உண்மையான தளர்ச்சி இவ்வளவு சிறியது. ஐந்து ஆண்டுத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு இந்தச் சரிவு இன்னும் செங்குத்தாகத் தெரியும். அவர்கள் இந்த வகுத்தலைச் செய்யாமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

தலைகீழாக நிற்கும் 12

இப்போது ஆண்டு வடிவத்தையும் கழித்துவிடலாம். ஒவ்வொரு மாத வளர்ச்சியிலிருந்தும் போன ஆண்டு அதே மாதத்தின் வளர்ச்சியைக் கழித்தால் 131 எண்கள் மிஞ்சும்.

```r
w <- diff(diff(log(x)), lag = 12)
acf(as.numeric(w), lag.max = 36)
```

படம் ஏறக்குறைய வெறிச்சோடிவிடும். லேக் 1-ல் −0.34, லேக் 12-ல் −0.39. லேக் 3-ன் −0.20-ம் லேக் 9-ன் 0.18-ம் ±0.17 கோட்டை மயிரிழையில் தாண்டும், லேக் 23-ன் 0.22 இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாண்டும். கோடு 95 சதவீதத்துக்குப் போடப்பட்டது. முப்பத்தாறு குச்சிகளில் ஒன்றிரண்டு தற்செயலாகவே தாண்டும். இந்த மூன்றுக்கும் நான் கதை கட்ட மாட்டேன்.

ஆனால் 12-ல் −0.39? போன ஆண்டு நன்றாக இருந்தால் இந்த ஆண்டு மோசமாக இருக்கும் என்று அர்த்தமா? இல்லை. இது நாம் கழித்ததால் விழுந்த நிழல். 1954 பிப்ரவரியைப் பாருங்கள். 1953-ல் 196 ஆக இருந்தது 188-க்கு இறங்கியது. பக்கத்தில் இருக்கும் ஜனவரி 196-லிருந்து 204-க்கு ஏறியிருக்கிறது. எனவே w தொடரில் 1954 பிப்ரவரிக்கு −0.082 விழுகிறது. மார்ச் வழக்கமான இடத்துக்குத் திரும்பியதும் (236-க்குப் பின் 235) அதற்கு +0.037. ஒரு மாதச் சறுக்கலை அடுத்த மாதமே எதிர்க்குறியில் ஈடுகட்டுகிறது. லேக் 1-ன் மைனஸ் இப்படிப்பட்ட ஜோடிகளால் ஆனது. ஓராண்டு கழித்து, 1955 பிப்ரவரி 233. அது அசாதாரணமான மாதம் இல்லை. ஆனால் ஒப்பிடப்படும் பழைய பிப்ரவரி தாழ்ந்திருந்ததால் இதற்கு +0.044 கிடைக்கிறது. பன்னிரண்டு மாத இடைவெளியில் மைனஸும் பிளஸும்: லேக் 12-ன் மைனஸ். ஒரே ஒரு சறுக்கல் படத்தில் இரண்டு குச்சிகளுக்குப் பங்களிக்கிறது.

இந்தக் குச்சியின் அளவும் பேசும். ஆண்டு வடிவம் இம்மியும் மாறாமல் இருந்து அதன் மேல் தொடர்பில்லாத இரைச்சல் மட்டும் இருந்தால், இப்படிக் கழித்ததும் லேக் 12-ல் −0.5 வரும். ஒவ்வோர் ஆண்டின் விலகலும் முழுசாக அடுத்த ஆண்டின் வடிவமாகவே ஆகிவிட்டால் 0 வரும். இங்கே −0.39. அதாவது பருவ வடிவம் நிலையானதுதான், ஆனால் மெல்ல நகர்கிறது. கோடையின் உச்சம் காலப்போக்கில் சதவீதத்திலும் கொஞ்சம் கூடிவருவதைத் தரவிலேயே காணலாம்: 1949-ல் உச்சம் பள்ளத்தைப் போல 1.42 மடங்கு, 1960-ல் 1.59 மடங்கு.

லேக் 1, லேக் 12 என்ற இந்த இரண்டு குச்சிகளுக்கும் ஆளுக்கொரு கெழு வைத்துக் கட்டிய மாதிரிக்குத்தான் 'ஏர்லைன் மாடல்' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆரில் பொருத்தினால் கெழுக்கள் −0.40, −0.56. இதை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால் லேக் 1-ல் −0.35-ம் லேக் 12-ல் −0.43-ம் எதிர்பார்க்க வேண்டும். படம் காட்டியது −0.34, −0.39. பொருந்துகிறது.

இந்தப் படத்துக்குப் பிடிபடாத ஒன்று மிச்சம் இருக்கிறது. 1960-ன் வளர்ச்சியை 1959-ன் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பிப்ரவரி 14 சதவீதம், ஏப்ரல் 16 சதவீதம், நடுவில் மார்ச் மட்டும் 3 சதவீதம் (406-லிருந்து 419). 1959-ல் ஈஸ்டர் மார்ச் 29-ல் வந்தது, 1960-ல் ஏப்ரல் 17-ல். விடுமுறைப் பயணம் ஒரு மாதத்திலிருந்து இன்னொரு மாதத்துக்கு இடம் மாறியதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் வந்தாலும் ஒரே மாதத்தில் வராத எதையும் லேக் 12 முழுசாகப் பிடிக்காது. நம்மூர் விற்பனைத் தரவில் பொங்கல் எப்போதும் ஜனவரியில் வருவதால் 12-வது குச்சியில் நேராக ஏறி உட்கார்ந்துவிடும். தீபாவளியோ அக்டோபருக்கும் நவம்பருக்கும் மாறி மாறிப் போகும்; அதனால் 12-வது குச்சி குட்டையாகி, 11-க்கும் 13-க்கும் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவைப் பதினொரு மாதச் சுழற்சி என்று படிப்பதற்கு முன், தீபாவளி விழுந்த மாதத்தை ஒரு தனி மாறியாக வைத்துத் தொடரிலிருந்து எடுத்துவிட்டு, மறுபடி ஒருமுறை `acf` போட்டுப் பாருங்கள்.